படத்தைப் பார்த்து மிளகின் தரத்தையும் பப்பாளி விதையையும் எதுவரை சொல்லலாம்?

மிளகைப் பரப்பி மேலிருந்து ஒரு படம் எடுத்து, "இது என்ன தரம், பப்பாளி விதை கலந்திருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. கேள்வியில் தவறில்லை. படத்திலிருந்து உருப்படியாகச் சிலவற்றைச் சொல்லவும் முடியும். ஆனால் பெரும்பாலான பதில்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன. "நல்லா கறுப்பா இருக்கு, சுத்தமான மிளகுதான்" என்றோ, "பழுப்பா நாலஞ்சு தெரியுது, அது பப்பாளி" என்றோ சொல்லிவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த வரிசையே தலைகீழானது. பப்பாளி விதையைப் பிரிக்க முதலில் பார்க்க வேண்டியது வடிவம், அடுத்து சுருக்கத்தின் அமைப்பு. நிறம் கடைசியில் வருவது. அளவு தரத்தைச் சொல்லும், ஆனால் கலப்படத்தைச் சொல்லாது. இவை அனைத்துக்கும் முன்பாக, படம் எடுத்த விதமே உருண்டை மிளகை நீள்வட்டமாக்கிக் காட்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அளவிலிருந்து தொடங்குவோம். மிளகு வணிகத்தில் 'போல்டு' என்று சொல்வது பருமனைத்தான். தலச்சேரி ரகங்களில் எக்ஸ்ட்ரா போல்டு என்பது சுமார் 4.25 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் தங்குவது. ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு சுமார் 4.75 மில்லிமீட்டரில் தங்குவது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டர்தான். கண் இந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. படத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் எவராலும் பிடிக்க முடியாது. பக்கத்தில் விரல் இருக்கிறது, தட்டு இருக்கிறது என்பதெல்லாம் அரை மில்லிமீட்டர் விவகாரத்துக்கு உதவாது. மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல் ஒன்று, மிளகு கிடக்கும் அதே பரப்பில், அதே படத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சல்லடை அளப்பதும் படம் அளப்பதும் ஒன்றல்ல. வட்டத் துளைக்குள் ஒரு நீளமான விதை செங்குத்தாக நுழைந்துவிடும். அதைத் தடுப்பது அதன் அகலம், நீளம் அல்ல. படத்திலோ விதை படுத்துக் கிடப்பதால் முழு நீளமும் தெரியும். எனவே சல்லடைத் தரத்தோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு மணியின் குறுகிய விட்டத்தை எடுக்க வேண்டும். உருண்டை மிளகுக்கு இதில் பெரிய வித்தியாசம் வராது. பப்பாளி விதைக்கு வரும். நீளத்தை மட்டும் அளந்தால் பப்பாளி விதை 5 மில்லிமீட்டரைத் தாண்டி, உயர்ந்த ரக மிளகாகவே கணக்கில் ஏறிவிடும். பருமனான மிளகாக இருக்கிறது என்று திருப்திப்படும் ஒரு படத்தில் அந்தப் பருமனில் கொஞ்சம் பப்பாளியின் பங்காகவும் இருக்கலாம்.

லென்ஸ் செய்யும் வேலை

ஒரு மிளகுக் குவியலின் நடுவில் இருக்கும் மணிகள் உருண்டையாகவும், ஓரத்தில் இருப்பவை சற்று நீண்டும் தெரிந்தால், ஓரத்தில் பப்பாளி விதை கிடக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. போன் கேமராவின் சாதாரண லென்ஸ் விரிந்த கோணத்தைப் பிடிப்பது. அப்படிப்பட்ட லென்ஸில் நேர்கோடுகள் நேராகவே இருக்கும். ஆனால் உருண்டையான பொருட்கள் மையத்திலிருந்து விலக விலக, வெளிப்பக்கமாக இழுபடும். எவ்வளவு இழுபடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. லென்ஸின் நடு அச்சிலிருந்து மணி எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, அந்தக் கோணத்தின் கொசைனால் 1-ஐ வகுத்தால் வருவதே நீள அகல விகிதம்.

இதை ஒரே பரப்பை இரண்டு விதமாகப் படமெடுத்துப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பரப்பு படத்தில் நிறைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜூம் இல்லாமல் எடுத்தால் போனை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது பக்க ஓரத்தில் இருக்கும் மணி சுமார் 33 டிகிரி விலகி இருக்கும். அங்கே ஓர் உருண்டை மிளகின் நீள அகல விகிதம் 1.19 ஆகிவிடும். மூலையில் இன்னும் மோசம், 1.29 வரை போகும். அதே பரப்பை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால், ஓரத்தில் விகிதம் 1.05 தான். மிளகை நடுவில் 12-க்கு 10 சென்டிமீட்டர் இடத்துக்குள் மட்டும் பரப்பினால், மூலையில் இருப்பதுகூட 1.03-ஐ ஒட்டி நிற்கும்.

காய்ந்த பப்பாளி விதையின் நீள அகல விகிதம் பொதுவாக 1.2-க்கு மேல் இருக்கும். ஆக, கிட்ட வைத்து எடுத்த படத்தில் மூலையில் கிடக்கும் நல்ல மிளகும் நடுவில் கிடக்கும் பப்பாளி விதையும் வடிவத்தில் ஒன்றுபோலவே தெரியும். இதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. நீண்டு தெரியும் மணிகள் எல்லாம் படத்தின் மையத்தை நோக்கி நீண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இடது ஓரத்தில் படுக்கையாகவும், மேல் ஓரத்தில் செங்குத்தாகவும், மூலையில் சாய்வாகவும் நீண்டிருந்தால் அது லென்ஸின் வேலை. உண்மையான பப்பாளி விதைகள் நீளவாக்கில் எந்தத் திசையிலும் கிடக்கும். யாருடைய படத்தையாவது பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பு இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தவறுகள் குறையும் என்பது என் நம்பிக்கை.

சரி, உயரம் கூடினால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. ஸ்கேல் காகிதத்தின் மேல் கிடக்கிறது. மிளகின் அகலமான இடமோ காகிதத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. லென்ஸுக்கு அது கொஞ்சம் நெருக்கம் என்பதால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். 15 சென்டிமீட்டர் உயரத்தில் இந்தப் பிழை சுமார் 0.07 மில்லிமீட்டர், 30-ல் அதில் பாதி. எல்லைக்கோட்டில் நிற்கும் மணிகளுக்கு இது போதும், ஒரு தரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிவிட.

சுருக்கம் எப்படி உண்டாகிறது

மிளகு கொடியிலிருந்து பறிக்கப்படுவது பச்சையாக இருக்கும்போது. கதிரில் ஒன்றிரண்டு மணிகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறத் தொடங்கும் பருவத்தில். அப்போது ஒவ்வொரு மணியிலும் நடுவே கெட்டியான விதை, அதைச் சுற்றி ஈரமான சதை, மேலே தோல் என்று மூன்றும் இருக்கின்றன. வெயிலில் காயும்போது சதையில் இருந்த நீர் போகிறது. விதை அதிகம் சுருங்குவதில்லை. மேலே இருந்த தோலுக்கு இப்போது அடியில் இருப்பது சிறிய உருண்டை. தோல் மிஞ்சிப்போகிறது, மிஞ்சியது மடிந்துதானே ஆக வேண்டும்? அது விதையின் மேல் எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி மடிவதால் வலைபோன்ற வரப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொரு வரப்பும் இன்னொன்றில் போய்ச் சேர்ந்து, நடுவில் ஐந்து ஆறு பக்கங்களுள்ள சிறு பள்ளங்களை மூடிக்கட்டுகிறது. மிளகின் கையெழுத்து இதுதான்: மூடிய கண்ணிகளுள்ள வலை.

பப்பாளி விதையின் கதை வேறு. அது பழமல்ல, பழத்துக்குள் இருக்கும் விதை. பழத்திலிருந்து எடுத்தவுடன் அதைச் சுற்றி வழுவழுப்பான, ஒளி ஊடுருவும் ஜெல் உறை இருக்கும். அதற்கடியில் கரடுமுரடான கெட்டி ஓடு. அந்த ஓட்டின் மேல் இருக்கும் மேடுகள் காய்ந்ததால் உண்டானவை அல்ல, விதையோடு வளர்ந்தவை. அவை பெரும்பாலும் விதையின் நீளவாக்கில் ஓடும், நடுநடுவே அறுந்து மொட்டு மொட்டாக நிற்கும். மிளகில் இருப்பதைப் போல மூடிய கண்ணிகளாகச் சேராது. ஒரு முனை சற்றுக் கூராகவும் இருக்கும்.

ஆனால் படத்தில் பப்பாளி விதை இரண்டு வேடங்களில் வரும். ஜெல் உறையைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தது என்றால் மேலே சொன்ன கரடுமுரடான ஓடு வெளியே தெரியும். நிறம் நன்றாகவே கறுப்பாக இருக்கும். கழுவாமல் அப்படியே காயவைத்தது என்றால், காய்ந்த உறை மெல்லிய சவ்வாக ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, மேடுகளை மூடி, சாம்பல் கலந்த பச்சைப் பழுப்பு நிறத்தில், சற்று மினுமினுப்பாகத் தெரியும். இதில் கோடுகள் இருக்கும். ஆழமான பள்ளங்கள் இருக்காது. கலப்படம் பற்றிய கையேடுகளில் பப்பாளி விதைக்குச் சொல்லப்படும் அடையாளம், சுருங்கிய நீள்வட்ட வடிவமும் பச்சைப் பழுப்பு அல்லது பழுப்புக் கறுப்பு நிறமும் என்பது. அந்த வரியில் நிறத்துக்கு இரண்டு வாய்ப்புகள் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பழுப்பை மட்டும் தேடுபவரின் கண்ணில் கழுவிய விதை படவே படாது.

மிளகின் பக்கத்திலும் ஏமாற்றுபவை உண்டு. மிகவும் இளசாகப் பறித்த மணியில் உள்ளே விதை நிரம்பியிருக்காது. காயும்போது தோல் மட்டுமல்ல, மணியே உள்வாங்கிச் சப்பையாகும். இதுதான் பொக்கு மிளகு. சுருக்கம் மிக ஆழமாக, வடிவம் கோணலாக இருப்பதால் பப்பாளி என்று தவறாகச் சொல்ல எளிதில் இடமுண்டு. உற்றுப் பார்த்தால் கண்ணிகள் மூடியே இருக்கும், பள்ளம்தான் பெரிது. இதற்கு நேரெதிராக, நன்றாகப் பழுத்த மணியில் தோல் உரிந்துபோய் உள்ளே இருக்கும் வெளிறிய விதை தெரியலாம். அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய கோடுகள் ஓடும். நீளவாக்குக் கோடு என்றதும் பப்பாளி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது உருண்டையாகவும் வெளிறியும் மழமழப்பாகவும் இருக்கும். பப்பாளியில் கோடு என்பது கரடுமுரடான மேடு.

சுருக்கம் படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக வர வேண்டும். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வரப்பும் பள்ளமும் ஒன்றாகிவிடும். ஆனால் பக்க வெளிச்சத்தில் நிழல் விழும். நிழல் மணியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் ஒரே பரப்பை இரண்டு முறை எடுப்பதுதான் சரியான வழி. ஒன்று மேகமூட்ட வெளிச்சம் போல எல்லாப் பக்கமும் பரவிய ஒளியில், அளவுக்கும் வடிவத்துக்கும். இன்னொன்று ஜன்னல் பக்க ஒளியில், சுருக்கத்துக்கு. இரண்டுக்கும் நடுவே போனையும் காகிதத்தையும் அசைக்கக் கூடாது.

நிறத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன்

மிளகு கறுப்பது, பச்சைத் தோலில் உள்ள பீனால் பொருட்கள் நொதியால் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாவதால். பறித்த மணிகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்துக் காயவைத்தால் ஒரே சீரான, பளபளக்கும் கறுப்பு கிடைக்கும். அப்படியே வெயிலில் போட்டால் கொஞ்சம் பழுப்பு கலந்து, மணிக்கு மணி வேறுபட்டு இருக்கும். இரண்டும் நல்ல மிளகுதான். ஆக நிறம் என்பது பதப்படுத்திய முறையையும் பறித்த பருவத்தையும் சேர்த்துச் சொல்வது. போதாததற்கு, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதும் நடக்கிறது. ஆகவே மிகவும் கறுத்து மின்னுவதை நல்லதுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

இதற்கு மேல் கேமரா தன் பங்குக்கு நிறத்தை மாற்றுகிறது. வெள்ளைக் காகிதத்தில் மிளகைப் பரப்பி எடுத்தால், படம் முழுக்க வெள்ளையாக இருப்பதைப் பார்த்து கேமரா ஒளியைக் குறைத்துவிடும். காகிதம் சாம்பலாகும், மிளகு எல்லாம் தார் போல ஒரே கறுப்பாகும். பச்சைப் பழுப்பு விதையும் அதில் கறுத்துப் போய்விடும். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் எல்லாமே பழுப்பு. நடுத்தரச் சாம்பல் நிற அட்டையில் பரப்பினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். மணியின் மேல் திரையில் விரலை வைத்து ஒளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அப்படி எடுத்த படத்திலும் நிறத்தை 'இது பழுப்பு' என்று தனியாகச் சொல்வதில் பயனில்லை. சுற்றியுள்ள மணிகளோடு ஒப்பிட்டு, கூட்டத்தில் சேராமல் தனித்துத் தெரிபவை எவை என்று மட்டும் பார்க்க வேண்டும்.

படத்தை அனுப்பும் வழியும் முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 4000 பிக்சல் அகலப் படம் சுமார் 1600-ஆகச் சுருங்கும். மூலப் படத்தில் 6 பிக்சல் அகலம் இருந்த ஒரு வரப்பு இரண்டரைப் பிக்சலுக்குள் வந்துவிடும். அழுத்திச் சேமிக்கும்போது நிறத்தின் நுணுக்கம் உருவத்தைவிட அதிகமாக இழக்கப்படும். கோப்பாக, அதாவது ஆவணமாக அனுப்பச் சொன்னால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு படத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன அமைப்பில் ஒரு படம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் உயரம், இரண்டு மடங்கு ஜூம், நடுப்பகுதியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பிய 200 மணிகள், பக்கத்தில் ஸ்கேல். ஸ்கேலில் 100 மில்லிமீட்டர் 2000 பிக்சலாக இருக்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். 4.25 மில்லிமீட்டர் என்பது 85 பிக்சல், 4.75 என்பது 95 பிக்சல். இரண்டு தரங்களுக்கு நடுவே பத்தே பிக்சல். நிழலின் ஓரத்தை மணியோடு சேர்த்து நாலு பிக்சல் அதிகமாக அளந்தால் கிட்டத்தட்ட அரைத் தரம் ஏறிவிடும் என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

அளக்க இலவசமாகக் கிடைக்கும் ImageJ மென்பொருள் போதும். Analyze > Set Scale என்பதில் ஸ்கேலின் நீளத்தைக் கொடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்து, Set Measurements-ல் Fit ellipse, Shape descriptors இரண்டையும் தேர்ந்துகொண்டு, Analyze Particles ஓட்டினால் ஒவ்வொரு மணிக்கும் நெட்டை விட்டம், குட்டை விட்டம், இரண்டின் விகிதம் ஆகியவை வந்துவிடும். அட்டவணையில் அவை Major, Minor, AR என்று இருக்கும். முதல் இரண்டும் மில்லிமீட்டரில் வரும், 20-ஆல் பெருக்கினால் பிக்சல்.

முதலில் AR நெடுவரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறோம். பெரும்பாலானவை 1.0-க்கும் 1.1-க்கும் இடையில். 1.2-க்கு மேல் 11 மணிகள். இந்தப் பதினொன்றையும் பக்க வெளிச்சப் படத்தில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். இரண்டில் ஒரு பக்கம் நேராக வெட்டுப்பட்டு, உள்ளே வெள்ளை மாவு தெரிகிறது. அவை உடைந்த மிளகு. மூன்று சப்பையாக, ஆழக் குழிந்து, ஆனால் மூடிய கண்ணிகளோடு இருக்கின்றன, பொக்கு மிளகு. மீதி ஆறு ஏறத்தாழ 105-க்கு 82 பிக்சல், அதாவது 5.25-க்கு 4.1 மில்லிமீட்டர். மேடுகள் நீளவாக்கில் ஓடி அறுந்து நிற்கின்றன, ஒரு முனை கூர்ந்திருக்கிறது, நீளும் திசையில் ஒழுங்கு எதுவும் இல்லை. நிறத்தில் நான்கு கறுப்பு, இரண்டு மட்டுமே பச்சைப் பழுப்பு. நிறத்தை வைத்துத் தேடியிருந்தால் ஆறில் இரண்டுதான் கிடைத்திருக்கும்.

அப்புறம் தரம். பப்பாளி என்று ஐயப்படும் ஆறையும் விலக்கிவிட்டு மீதி 194-க்குக் குட்டை விட்டத்தைப் பார்க்கிறோம். 95 பிக்சலும் அதற்கு மேலும் 40 மணிகள். 85 முதல் 94 வரை 120. 85-க்குக் கீழே 34. இந்த 34-ல் 22 மணிகள் 80-க்கும் 84-க்கும் நடுவே நிற்கின்றன. அளவீட்டுப் பிழையே இரண்டு மூன்று பிக்சல் என்பதால், இவற்றில் பலவற்றைச் சல்லடையில் தங்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. எஞ்சிய 12 மணிகள் 4 மில்லிமீட்டருக்கும் கீழே. அவை எந்தப் பிழைக்கணக்கிலும் 4.25-ல் தங்கப் போவதில்லை. 194-ல் 12 என்பது 6 சதவீதம். ஆக, நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: பெரும்பகுதி எக்ஸ்ட்ரா போல்டு அளவில் இருக்கிறது, ஆனால் அந்தச் சல்லடையில் ஒழுங்காகச் சலித்தெடுத்த சரக்கு அல்ல, சின்ன மணி கலந்திருக்கிறது. ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு என்று சொல்லி விற்கப்பட்டிருந்தால், ஐந்தில் ஒன்றுதான் அந்த அளவைத் தொடுகிறது என்பதால் அந்தப் பெயர் பொருந்தாது.

200-ல் 6 என்றதும் கலப்படம் 3 சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதலாம், இரண்டு திருத்தங்களோடு. முதலாவது, 200 மணி என்பது சிறிய மாதிரி. மூட்டை முழுவதும் உண்மையான விகிதம் எங்கோ 1 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கலாம் என்பதுதான் இந்த எண்ணிக்கை தரும் உறுதி. ஒன்றுமே கிடைக்காமல் போனாலும், '0 சதவீதம்' என்று பொருளில்லை. 3-ஐ 200-ஆல் வகுத்தால் வரும் 1.5 சதவீதம் வரை கலந்திருந்தும் கண்ணில் படாமல் போயிருக்கலாம். 200 மணியையும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் இதில் சேரும். லேசான விதையும் கனமான மிளகும் குலுக்கலில் பிரிந்துபோகும் என்பதால் மேலாக அள்ளியது மூட்டையைச் சொல்லாது. கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைச் சேர்த்து, மறுபடி நான்காக்கிச் சிறிதாக்கியதுதான் மாதிரி.

இரண்டாவது, தரக் கட்டுப்பாட்டில் பேசுவது எடையில். நாம் எண்ணியது மணிகளை. காய்ந்த பப்பாளி விதை ஒன்று தோராயமாக 15 மில்லிகிராம், இந்தப் பருமனுள்ள மிளகு ஒன்று 45 மில்லிகிராம் என்று வைத்தால், எண்ணிக்கையில் 3 சதவீதம் என்பது எடையில் 1 சதவீதம்தான். எடை குறைவு என்பதால் குற்றம் குறைந்துவிடாது. இது தற்செயலாக வந்து விழும் காம்பும் மண்ணும் போன்றதல்ல. பப்பாளி விதை மிளகுக் கொடியின் பக்கத்தில் தானாக வந்து சேர வழியில்லை. ஆறு விதைகள் கிடைத்தாலும் யாரோ கலந்தது என்றே பொருள்.

இருந்தாலும் படத்தை மட்டும் வைத்து 'கலப்படம்' என்று யாரையும் குற்றம் சாட்டக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். படம் ஐயத்துக்குரிய மணிகளைப் பொறுக்கித் தருவதோடு நிற்க வேண்டும். அந்த ஆறில் இரண்டை மூன்றை பிளேடால் குறுக்கே வெட்டினால் கேள்வி தீர்ந்துவிடும். மிளகை வெட்டினால் மெல்லிய கறுப்புத் தோலுக்குள் வெள்ளையும் வெளிர் மஞ்சளுமான கெட்டியான மாவுப்பகுதி நிறைந்து, நடுவில் சிறு பொந்து தெரியும். பப்பாளி விதையில் கெட்டியான கறுத்த ஓட்டுக்குள் எண்ணெய்ப் பசையுள்ள வெளிறிய பருப்பு இருக்கும். காய்ந்த விதையில் அது சுருங்கி ஓட்டை விட்டு விலகியும் நிற்கும். வெட்டிய பாதிகளையும் படம் எடுத்துச் சேர்த்து வைத்தால் அது பேசக்கூடிய ஆதாரம். நசுக்கி ஒரு சொட்டு நீர் விட்டு முகர்ந்தால், ரொம்பப் பழசாகாத பப்பாளி விதையில் கடுகு போன்ற நெடி வரும். மிளகின் மணம் வராது.

நீரில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை: மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். இது பயனுள்ளதுதான், ஆனால் பொக்கு மிளகும் மிதக்கும். சுருக்கங்களுக்குள் காற்று அடைபட்டிருந்தால் நல்ல மிளகும் கொஞ்ச நேரம் மிதக்கும். எனவே நன்றாகக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் விட வேண்டும். மிதந்தவற்றைப் பப்பாளி என்று எண்ணாமல், மிதந்தவற்றை எடுத்துத் துடைத்துப் பரப்பி மறுபடி ஒரு படம் எடுப்பது இன்னும் நல்ல வழி. ஐயத்துக்குரியவை எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும் என்பதால், 200 மணியில் தேடியதை ஒரு கிலோவில் தேட முடியும்.

தரத்தைப் பொறுத்தவரை படத்துக்கு எட்டாத ஒன்று எடை. ஒரே பருமனுள்ள இரண்டு மணிகளில் ஒன்று நிரம்பியது, இன்னொன்று உள்ளே பாதி காலி என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. சுருக்கம் ஆழமாக இருப்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். வணிகத்தில் லிட்டர் எடை பார்ப்பது இதற்காகத்தான். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸில் கறுப்பு மிளகின் முதல் வகுப்புக்கு லிட்டருக்குக் குறைந்தது 550 கிராம், இரண்டாவதற்கு 500, மூன்றாவதற்கு 400 என்று இருக்கிறது. படத்தில் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டாகத் தெரியும் மிளகு லிட்டர் எடையில் சரியலாம், சின்ன மணி மிளகு இதில் முந்தலாம். பருமன் சரியாக இருக்கிறது என்று படம் சொன்ன பிறகும், ஒரு லிட்டர் பாத்திரத்தில் தட்டாமல் அழுத்தாமல் கொட்டி, மேலே வழித்து, தராசில் வைத்துவிட்டே விலை பேச வேண்டும்.